அம்மாவைத் தனியாக ரயிலில் அனுப்புவது எப்படி: கன்னியாகுமரி முதல் எழும்பூர் வரை முழுமையான வழிகாட்டி

எங்கள் வீடு திங்கள்நகர் பக்கம். ஸ்டேஷன் என்றால் எங்களுக்கு இரணியல்தான், ஆட்டோவில் கொஞ்ச நேரம். அதனால் அம்மாவை முதல் தடவை சென்னைக்குத் தனியாகக் கூப்பிட்டபோது நான் பெரிதாக யோசிக்கவில்லை, கேரளாவிலிருந்து வரும் ஒரு வண்டியில் டிக்கெட் போட்டு, பக்கத்து வீட்டுப் பையனை இரணியலில் ஏற்றிவிடச் சொன்னேன். வண்டி வந்து நின்றபோது அம்மாவின் கோச் அவர்கள் நின்ற இடத்திலிருந்து எங்கேயோ முன்னால் போய் நின்றது. இரணியலில் வண்டி அதிக நேரம் நிற்காது. பையன் பயந்துபோய் எதிரே இருந்த கோச்சிலேயே அம்மாவை ஏற்றி, இரண்டு பையையும் உள்ளே தூக்கிப் போட்டுவிட்டான். 72 வயசு, இரண்டு முழங்காலிலும் வலி, ஒரு பையில் மட்டிப்பழக் குலை. கோச் கோச்சாக உள்ளேயே நடந்து தன் சீட்டைக் கண்டுபிடிக்கும்போது நாகர்கோவில் தாண்டிவிட்டதாம். "மக்களே, இரணியல்ல இருந்து நாகர்கோவிலுக்கு நான் நடந்தேதான் வந்தேன், டிக்கெட் எடுத்தது வேஸ்ட்டு" என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். நான் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு பல தடவை அம்மா தனியாக வந்து போயிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் ஒன்றைக் கற்றுக்கொண்டு இப்போது ஒரு முறை அமைந்திருக்கிறது. அதைத்தான் அப்படியே எழுதுகிறேன். அப்பாவை அனுப்புகிறவர்களுக்கும் இதே கதைதான்.

முதலில் வண்டியை அல்ல, ஸ்டேஷனைத் தேர்ந்தெடுங்கள்

வயசானவர் தனியாகப் போகும்போது ரயிலுக்குள் இருக்கும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பெரிய பிரச்சினை இல்லை. ஏறும் சில நிமிஷமும் இறங்கும் சில நிமிஷமும்தான் பிரச்சினை. அந்த அவசரத்தையே இல்லாமல் செய்ய ஒரு வழி இருக்கிறது: வண்டி கிளம்பும் ஸ்டேஷனில் ஏற்றுங்கள், வண்டி முடியும் ஸ்டேஷனில் இறக்குங்கள். நம்ம மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இது ஒரு வசதி, ஏனென்றால் தண்டவாளமே கன்னியாகுமரியில்தான் முடிகிறது.

கன்னியாகுமரி எக்ஸ்பிரஸை எடுத்துக்கொள்ளுங்கள், எண் 12634. மாலையில் கன்னியாகுமரியில் கிளம்பி மறுநாள் காலை எழும்பூரில் முடிகிறது. நாகர்கோவிலில் ஏறினால் சில நிமிஷம்தான் நிற்கும், கூட்டமும் அங்கேதான் ஏறும். கன்னியாகுமரியில் ஏறினால் வண்டி முன்னாலேயே பிளாட்பாரத்தில் வந்து காலியாக நிற்கும், நிதானமாகப் பெயர்ப் பலகை பார்த்து, ஏறி, பையை சீட்டுக்கு அடியில் தள்ளி, பாட்டிலில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கூட வந்தவர் இறங்கி ஜன்னல் வழியாகப் பேசிக்கொண்டும் நிற்கலாம். அது முட்டு ஸ்டேஷன் என்பதால், தண்டவாளம் முடியும் பக்கத்திலிருந்து நேராகப் பிளாட்பாரத்துக்கு நடந்துவிடலாம், மேம்பாலப் படி ஏற வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது ஒன்றே போதும். நாகர்கோவிலைத் தாண்டி கன்னியாகுமரிவரை ஆட்டோவிலோ காரிலோ போவது சுற்றுத்தான், செலவும்தான். ஆனால் டிக்கெட் விலையில் பெரிய வித்தியாசம் வராது, கிளம்பும் ஸ்டேஷனிலிருந்து எடுத்தால் சீட் கிடைக்கும் வாய்ப்பும் பொதுவாகக் கூடுதல்.

கன்னியாகுமரி போகவே முடியாது என்றால் நாகர்கோவிலிலேயே கிளம்பும் வண்டி ஏதாவது பொருந்துமா என்று பாருங்கள். எழும்பூருக்கு வந்தே பாரத் இருக்கிறது, ஆனால் அது உட்கார்ந்தே போகும் வண்டி, மதியம் கிளம்பி இரவில்தான் போய்ச் சேரும், முதுகு வலிக்காரர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். அதில் இன்னொன்று, கதவு தானாக மூடிக்கொள்ளும். பையை வைக்க உள்ளே ஏறிய மருமகன் திருநெல்வேலி வரை போய்த்தான் இறங்கினான் என்கிற மாதிரி கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. ஏற்றிவிடப் போகிறவர் கிளம்பும் நேரத்துக்கு முன்பே இறங்கிவிட வேண்டும், அவ்வளவுதான்.

நாகர்கோவில் என்று எழுதியிருந்தால் எந்த நாகர்கோவில் என்று டிக்கெட்டில் பாருங்கள். கோட்டாறு பக்கம் இருப்பது ஜங்ஷன், குறியீடு NCJ. டவுண் ஸ்டேஷன் வேறு, குறியீடு NJT. திருவனந்தபுரம் பாதையில் போய்வரும் சில வண்டிகள் டவுணில் மட்டும் நின்றுவிட்டுப் போகும், ஜங்ஷனுக்கு வராது. ஆட்டோக்காரரிடம் "நாகர்கோவில் ஸ்டேஷன்" என்று மட்டும் சொன்னால் அவர் ஜங்ஷனுக்குத்தான் விடுவார்.

டிக்கெட்: கீழ் பெர்த்தும் அந்த ஒரு டிக் குறியும்

இப்போது பயண நாளுக்கு 60 நாள் முன்பிருந்துதான் முன்பதிவு. கிறிஸ்துமஸ், பொங்கல், ஓணம் சமயத்தில் நம்ம ஊர் வண்டிகள் எப்படி நிரம்பும் என்று சொல்ல வேண்டியதில்லை, அந்த நாட்களில் முதல் நாள் காலையிலேயே போட்டுவிடுங்கள்.

பொதுக் கோட்டாவில் போடாமல், மூத்த குடிமக்களுக்கான கீழ் பெர்த் கோட்டாவில் போடுங்கள், IRCTC-யில் அது LOWER BERTH/SR.CITIZEN என்று இருக்கும். ஆண் என்றால் 60 வயசு, பெண் என்றால் 45 வயசு ஆகியிருக்க வேண்டும். தனியாகப் போகிறவருக்கும், அந்த வயசுள்ள இரண்டு பேர் ஒரே டிக்கெட்டில் போனாலும் கிடைக்கும். பேரனையும் அதே டிக்கெட்டில் சேர்த்தால் அந்தக் கோட்டா கிடைக்காது. கட்டணச் சலுகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். தட்காலில் இந்தக் கோட்டா கிடையாது. காத்திருப்புப் பட்டியலிலோ ஆர்.ஏ.சி.யிலோ வயசானவரைத் தனியாக அனுப்பாதீர்கள். ஆர்.ஏ.சி. என்றால் பக்கவாட்டுக் கீழ் பெர்த்தில் இரண்டு பேர் உட்கார்ந்து போவது. தேதியை மாற்றுங்கள், அதுதான் சரி.

டிக்கெட் வந்ததும் பெர்த் எண்ணைச் சோதியுங்கள். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் எண்ணை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 4 வந்தால் கீழ் பெர்த், மீதி 7 வந்தால் பக்கவாட்டுக் கீழ் பெர்த். உதாரணத்துக்கு 25, மூன்று எட்டு இருபத்திநான்கு, மீதி 1, கீழ் பெர்த். இரண்டடுக்கு ஏசியில் 6-ஆல் வகுக்க வேண்டும், மீதி 1 அல்லது 3 என்றால் கீழ், 5 என்றால் பக்கவாட்டுக் கீழ். பக்கவாட்டுக் கீழ் பெர்த் வேண்டாம் என்று பலர் சொல்வார்கள். நீளம் குறைவு, நடுவில் மடிப்பு உறுத்தும், போகிறவர் வருகிறவர் இடிப்பார்கள், எல்லாம் உண்மை. ஆனால் தலைக்கு மேல் நடு பெர்த் கிடையாது, ராத்திரி எழுந்து நிமிர்ந்து உட்கார வேண்டும் என்பவர்களுக்கு அது நல்லதும்கூட. உயரம் குறைந்த, தூக்கம் வராத அம்மாக்கள் அதில் சந்தோஷமாகப் போவார்கள்.

இனி அந்த டிக் குறி. சில வருஷங்களுக்கு முன்னால் அம்மாவுக்குப் பொதுக் கோட்டாவில் S5 கோச்சில் 25 கிடைத்தது. நான் அம்மாவிடம் பத்துத் தடவை "எஸ் ஃபைவ், இருபத்தஞ்சு" என்று சொல்லிப் பாடமாக்கினேன், சீட்டும் எழுதிக் கொடுத்தேன். டிக்கெட் போடும்போது தானாக மேல் வகுப்புக்கு மாற்றலாமா என்று கேட்கும் கட்டத்தில் டிக் இருந்ததை நான் கவனிக்கவில்லை. சார்ட் போட்டபோது டிக்கெட்டை மூன்றடுக்கு ஏசிக்கு மாற்றிவிட்டார்கள், B3, 42. கணக்குப் போட்டுப் பாருங்கள், மீதி 2, நடு பெர்த். மெசேஜ் என் போனுக்கு வந்தது, நான் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். கூட்டிப்போனவர் S5-இல் உட்கார வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். திருநெல்வேலியில் வேறொருவர் வந்து "இது என் சீட்" என்று நின்றார். அப்புறம் டிடிஇ வந்து, கூடவே நடந்து போய், B3-இல் ஒரு காலேஜ் பெண்ணிடம் பேசிக் கீழ் பெர்த்தை மாற்றிக் கொடுத்தார். நல்ல மனுஷர். ஆனால் தப்பு முழுக்க என்னுடையது. இலவசமாக ஏசி கிடைப்பது நமக்கு லாபமாகத் தெரியும். சொல்லிக் கொடுத்த கோச்சும் பெர்த்தும் மாறிப்போவது வயசானவருக்குப் பெரிய நஷ்டம். அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். எடுத்தாலும், சார்ட் போட்ட பிறகு பி.என்.ஆர். நிலையை ஒரு தடவை நீங்களே திறந்து பாருங்கள்.

இங்கே ஏற்றிவிடுகிறவர்

சொந்தக்காரர்தான் வேண்டும் என்றில்லை. நம்பகமான, நேரத்துக்கு வருகிற, ஸ்டேஷனைத் தெரிந்த ஆள் வேண்டும். எங்களுக்கு அது ஊர் ஆட்டோ அண்ணன்தான், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் பழகியவர். அவரிடம் "அம்மாவைக் கொஞ்சம் ஏத்தி விட்ருங்க அண்ணே" என்று மட்டும் சொன்னால் அவர் வாசலில் இறக்கிவிடுவதோடு முடிந்தது என்று நினைக்கவும் கூடும், அது அவர் தப்பில்லை. அதனால் வேலையைப் பிரித்துச் சொல்கிறேன், காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்து முன்கூட்டியே கூலி பேசிக்கொள்கிறேன்.

நான் அவருக்கு டிக்கெட் படத்தை முதல் நாளே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். அவர் செய்ய வேண்டியது இது. பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து உள்ளே வர வேண்டும். வண்டியின் பக்கத்தில் 12634 என்ற எண்ணையும், கதவருகே S5 என்ற எண்ணையும் தானே பார்க்க வேண்டும், பக்கத்தில் நிற்பவரைக் கேட்டு ஏற்றக் கூடாது. அம்மாவை அந்த பெர்த்தில் உட்கார வைத்து, பெர்த் எண் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்ப வேண்டும். வெஸ்டர்ன் கழிப்பறை எந்தக் கோடியில் இருக்கிறது என்று போய்ப் பார்த்து அம்மாவிடம் காட்ட வேண்டும். இதை யாரும் யோசிப்பதில்லை. முழங்கால் மடங்காதவர் ராத்திரி இரண்டு மணிக்கு ஆடுகிற வண்டியில் ஒரு கோடிக்குப் போய், அங்கே இந்தியன் மட்டும் இருப்பதைப் பார்த்துத் திரும்பி மறு கோடிக்கு நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று அம்மா சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

கடைசியாக, அதே பகுதியில் உட்கார்ந்திருப்பவர்களில் எழும்பூர் வரை போகிற ஒரு குடும்பத்தைத் தேடச் சொல்வேன். "நீங்க எங்க இறங்குவீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டால் போதும். மதுரையில் இறங்குகிறவரிடம் ஒப்படைத்துப் பிரயோஜனம் இல்லை. அந்த ஒரு குடும்பத்திடம் மட்டும் அம்மா தனியாக வருகிறார் என்று சொல்லி, போனை அவர்களிடம் கொடுத்து நானும் இரண்டு வார்த்தை பேசி, அவர்கள் நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்வேன். கோச் முழுக்கக் கேட்கும்படி "எங்கம்மா தனியா வாறாங்க, பாத்துக்கிடுங்க" என்று சத்தம் போடுவது அவ்வளவு நல்லதில்லை.

நடக்க முடியாதவர் என்றால் சக்கர நாற்காலி ஸ்டேஷனில் இருக்கும், ஸ்டேஷன் மாஸ்டர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். நினைத்த நேரத்தில் கையில் வந்துவிடாது, முதல் நாளே யாராவது நேரில் போய்க் கேட்டு வைப்பது நல்லது, அன்றைக்கு அரை மணி நேரம் முன்னதாகவும் போங்கள். தள்ளிக்கொண்டு போக போர்ட்டர் வேண்டும் என்றால் சிவப்புச் சட்டையும் கையில் எண் வில்லையும் உள்ள லைசென்ஸ் போர்ட்டரைப் பிடித்து, கிளம்பும் முன்பே தொகையைப் பேசுங்கள்.

அம்மா கையில் இருக்கும் அட்டை

டிக்கெட்டைப் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிறோம், ஆனால் அந்தச் சின்ன எழுத்தை அம்மாவால் படிக்க முடியாது. அதனால் பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில், தடித்த ஸ்கெட்ச் பேனாவால், தமிழில், பெரிய எழுத்தில் எழுதித் தருகிறேன். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. போன தடவை எழுதியது இப்படி இருந்தது:

கோச் S5. சீட் 25. கீழ்.
இறங்கும் இடம்: எழும்பூர். அதுதான் கடைசி ஸ்டேஷன்.
தாம்பரத்தில் எல்லாரும் எழும்புவார்கள். நீங்கள் எழும்ப வேண்டாம்.
எழும்பூரில் எல்லாரும் இறங்கட்டும். நான் சீட்டுக்கே வருவேன்.
நான் வரும்வரை பையைத் தூக்க வேண்டாம்.
ராத்திரி மாத்திரை: சேலை இடுப்புப் பையில்.
ஏதாவது என்றால் டிடிஇயிடம் இந்த அட்டையைக் காட்டவும். மகன் போன் நம்பர்: (இங்கே பெரிதாக நம்பர்)

தாம்பரம் வரியைத்தான் சிவப்பில் எழுதுவேன். காலையில் வண்டி தாம்பரம் வந்ததும் பாதிக் கோச் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடும். அதைப் பார்த்தால் சென்னை வந்துவிட்டது என்று யாருக்குமே தோன்றும், உண்மையில் வந்தும்விட்டது, ஆனால் எழும்பூருக்கு இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. என் வீடே தாம்பரம் பக்கம்தான், அங்கேயே இறக்கினால் எனக்கு வசதி. இருந்தாலும் எழும்பூருக்கே போகிறேன். தாம்பரத்தில் வண்டி கொஞ்ச நேரம் நின்று கிளம்பிவிடும், எழும்பூரிலிருந்து அது எங்கேயும் அவசரமாகக் கிளம்பாது.

அட்டையை எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. முதல் நாள் போனில் அம்மாவையே படித்துக் காட்டச் சொல்வேன். அவர் தடுக்குகிற வரி எதுவோ அது எனக்குத்தான் சரியாக எழுத வரவில்லை என்று அர்த்தம்.

ஆதார் அட்டை அசல் கையில் இருக்க வேண்டும். ஜெராக்ஸ் செல்லாது, அசல் அடையாள அட்டை இல்லாமல் இ-டிக்கெட்டில் போனால் டிக்கெட் இல்லாதவர் கணக்கில்தான் வரும். ஆதார், மாத்திரை, போன், கொஞ்சம் பணம், இந்த நாலும் உடம்போடு இருக்கும் பையில், மற்றதெல்லாம் சீட்டுக்கு அடியில். பை எத்தனை என்று கேட்டால், ஒன்று. அம்மாவிடம் இதைச் சொல்லி ஜெயிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். முந்திரிக்கொத்து ஒரு டப்பா, சக்க வறுவல் ஒரு கவர், கருப்பட்டி, பேரனுக்கு நேந்திரங்காய் சிப்ஸ் என்று அது வளர்ந்துகொண்டே போகும். நான் சமரசம் செய்துகொண்டது இதுதான்: தின்பண்டங்களை முந்தின நாளே பார்சல் சர்வீஸில் போட்டுவிட வேண்டும், கையில் வருவது அம்மா ஒரு கையால் தூக்கக்கூடிய ஒரே பை. அதற்குள் என்ன வைத்தாலும் நான் கேட்க மாட்டேன்.

ராத்திரி

போன் முழு சார்ஜில், சத்தம் கூடுதலாக. அம்மாவிடம் இருப்பது பட்டன் போன், ஸ்மார்ட்போனைவிட இதற்கு அதுவே நல்லது, சார்ஜ் இரண்டு நாள் நிற்கும். 2-ஐ அழுத்திப் பிடித்தால் எனக்கு வரும், 3-ஐப் பிடித்தால் ஆட்டோ அண்ணனுக்கு. நான் மூன்று தடவைதான் கூப்பிடுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன்: வண்டி கிளம்பியதும், சாப்பிட்டு மாத்திரை போடும் நேரத்தில், அப்புறம் காலையில் செங்கல்பட்டு வந்ததும். வண்டி எங்கே வருகிறது என்பதை அம்மாவிடம் கேட்காமல் என் போனில் NTES செயலியில் பார்த்துக்கொள்கிறேன். ராத்திரி முழுக்கக் கூப்பிட்டு எழுப்பினால் அவருக்கும் தூக்கம் இல்லை, காலையில் சார்ஜும் இல்லை.

நடு பெர்த்தைப் பற்றி ஒரு வார்த்தை. தூங்கும் நேரம் இரவு 10 முதல் காலை 6 வரை. அதற்கு முன் கீழ் பெர்த் என்றாலும் மற்றவர்களுக்கும் உட்கார இடம் கொடுக்க வேண்டும், எட்டு மணிக்கே படுத்துப் பழகிய அம்மா அதுவரை உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும். எதிரே இருப்பவர்களிடம் சொன்னால் பெரும்பாலும் முன்னாலேயே படுக்க விட்டுவிடுவார்கள், ஆனால் அது அவர்கள் மனசு, உரிமை இல்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். இடுப்பு வலிக்கு ஒரு சின்ன தலையணையை முதுகுக்கு வைத்துக்கொள்ளக் கொடுத்தனுப்பலாம்.

நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பயண நாளில் அதை எப்போது போடுவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் வருவது இன்னும் மோசம். என் அம்மா ஒரு தடவை அப்படி வந்து எழும்பூரில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார்.

நடுவழியில் உடம்புக்கு முடியவில்லை, யாராவது தொல்லை கொடுக்கிறார்கள், வேறு ஏதாவது என்றால் 139. அம்மாதான் கூப்பிட வேண்டும் என்றில்லை, நீங்களே வீட்டிலிருந்து கூப்பிட்டு பி.என்.ஆர். எண், கோச், பெர்த் சொல்லலாம், RailMadad வழியாகவும் பதிவு செய்யலாம். அதனால் அந்தப் பத்து இலக்க எண்ணை உங்கள் போனில் உடனே எடுக்கும் இடத்தில் வையுங்கள். அம்மா போனை எடுக்கவில்லை என்றால் பதறாதீர்கள், முதலில் அந்த எழும்பூர் குடும்பத்தைக் கூப்பிடுங்கள். அதற்குத்தான் அவர்கள் நம்பரை வாங்கி வைத்தது.

எழும்பூரில் நீங்கள்

விழுப்புரத்தை வண்டி எப்போது தாண்டுகிறது என்று பாருங்கள், அங்கே சரியான நேரம் என்றால் எழும்பூருக்கும் சரியான நேரத்துக்கோ முன்னாலேயோ வரலாம். கடைசிக் கட்டத்தில் அட்டவணையில் கொஞ்சம் தாராளமாக நேரம் விட்டிருப்பார்கள், அதனால் தாமதமாக வந்த வண்டிகூடச் சமாளித்து வந்துவிடும். நான் ஒரு தடவை அட்டவணை நேரத்துக்குப் போய் நின்றேன், வண்டி ஏற்கெனவே வந்து நின்றிருந்தது, அம்மா காலிக் கோச்சில் தனியாக, அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நீதான சொன்ன, நீ வாறது வரை எழும்பக் கூடாதுன்னு". இதில் ஆபத்தும் இருக்கிறது. எழும்பூரில் வந்த வண்டி அங்கேயே நாள் முழுக்க நிற்காது, பயணிகள் இறங்கியதும் கொஞ்ச நேரத்தில் யார்டுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். "எழும்ப வேண்டாம்" என்று நீங்கள் சொல்லியிருந்தால், வண்டிக்கு முன்னால் நீங்கள் அங்கே இருந்தே ஆக வேண்டும். இதில் நிச்சயம் இல்லை என்றால் அந்த வரியை எழுதாதீர்கள். பதிலாக, இறங்கிக் கதவுக்கு நேர் எதிரே பிளாட்பார பெஞ்சில் உட்காரச் சொல்லுங்கள், எங்கேயும் நடக்க வேண்டாம்.

எழும்பூரில் மறுசீரமைப்பு வேலை நடப்பதால் பிளாட்பாரமும் வாசலும் மாறுகின்றன. வேலைக்காகச் சில வண்டிகளைத் தாம்பரத்திலேயே நிறுத்தியதும் உண்டு. கிளம்பும் அன்று காலை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அப்படி மாறியிருந்தால் தாம்பரம்தான் கடைசி ஸ்டேஷன், அட்டையில் திருத்தி அம்மாவிடம் சொல்லுங்கள், இல்லையென்றால் அந்தச் சிவப்பு வரியே வினையாகிவிடும்.

எந்தப் பிளாட்பாரம் என்று தெரிந்ததும் S5 எங்கே நிற்கும் என்று பலகையில் பாருங்கள், அந்த இடத்தில் போய் நின்றுகொள்ளுங்கள். எல்லாரும் இறங்கிய பிறகு நீங்கள் ஏறுங்கள், முண்டியடித்து எதிர்நீச்சல் போட வேண்டாம். பையை முதலில் வெளியே வைத்துவிட்டு அம்மாவைக் கூட்டி வாருங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் கோச்சைப் பார்த்தபடி, பின்பக்கமாக, இரண்டு கம்பியையும் பிடித்துக்கொண்டு இறங்கினால் எளிது. வீட்டு ஏணியில் இறங்குவது மாதிரிதான், அம்மாவுக்கு ஒரு தடவை காட்டிக் கொடுத்ததும் பிடித்துக்கொண்டார். நீங்கள் கீழே நின்று இடுப்பில் கை கொடுங்கள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள், பிடிமானம் போய்விடும்.

திரும்பி அனுப்பும்போது

இதே கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். எழும்பூரில் கிளம்பும் வண்டியில் நீங்களே ஏற்றிவிடலாம், அது சுலபம். இறங்கும் இடம்தான் யோசிக்க வேண்டியது. நாகர்கோவிலில் இறங்கினால் வீட்டுக்குப் பக்கம், ஆனால் விடிகாலை, தூக்கக் கலக்கம், வண்டி நிற்கும் நேரம் குறைவு. அதனால் கன்னியாகுமரிக்கே டிக்கெட் எடுத்து, ஆட்டோ அண்ணனை அங்கேயே நிற்கச் சொல்கிறேன். ஒன்றை மட்டும் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: நாகர்கோவிலில் கோச் கிட்டத்தட்ட காலியாகிவிடும். சொல்லாமல் விட்டால், எல்லாரும் இறங்கிவிட்டார்கள், நான் மட்டும் தனியாக எங்கேயோ போகிறேன் என்று பயந்து, கடைசி நிமிஷத்தில் ஓடி இறங்கப் பார்ப்பார்கள். முதல் தடவை என் அம்மா அப்படி எழுந்து கதவு வரை வந்துவிட்டார். பிளாட்பாரத்தில் இருந்த சாயாக்காரர்தான் "எங்க போணும் அம்மா? கன்னியாகுமரியா? அப்போ ஏறி இருங்க, அடுத்ததுதான்" என்று சொல்லி உட்கார வைத்தார். இப்போது திரும்பும் அட்டையில் சிவப்பு எழுத்தில் இருப்பது நாகர்கோவில்.